விற்பனை பேசாத காலத்தில் எதை அளப்பது? மறையூர் வெல்லத்தை முன்வைத்துச் சில கருத்துகள்

பதிவு நீண்டுவிட்டது. வணிகவியல், மேலாண்மை, ஊடகவியல் துறைகளில் ஆய்வு செய்யும் நண்பர்கள் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன். மாற்றுக் கருத்து இருப்பின் பின்னூட்டத்தில் எழுதுங்கள்.

அண்மையில் கலந்துகொண்ட ஒரு கருத்தரங்கில் ஆய்வாளர் ஒருவர், 'மறையூர்' என்னும் சொல்லுக்கான கூகுள் டிரெண்ட்ஸ் வரைகோட்டைத் திரையில் காட்டினார். கோடு ஏறியிருந்தது. மறையூர் வெல்லத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019 மார்ச் மாதத்தில். ஆகவே குறியீட்டால் மக்களிடையே பெயரறிமுகம் பெருகிற்று என்று அவர் முடித்தார். அவையில் எவரும் மறுக்கவில்லை, நானும் மறுக்கவில்லை. ஊர் திரும்பும் பேருந்தில்தான் உறுத்தத் தொடங்கியது. ஏனெனில், என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலின் முதல் வரைவிலும் ஏறத்தாழ அதே வரைகோடு, அதே முடிவோடு இருக்கிறது.

இதனை ஏட்டுச் சிக்கல் என்று தள்ளிவிட இயலவில்லை. களப்பணிக்காக நான் செல்லும் கரும்பு விவசாயிகள் குழு ஒன்று, வெல்லத்தைச் சாக்கில் மொத்த வியாபாரியிடம் கொடுப்பதோடு நில்லாமல், ஒரு பகுதியைத் தம் பெயர் அச்சிட்ட பொட்டலமாகவும் விற்று வருகிறது. சிறியதொரு இணையதளமும் உண்டு. அச்சுச் செலவும் விளம்பரச் செலவும் கணக்கேட்டில் பளிச்சென்று தெரிகின்றன; விற்பனையில் வேறுபாடு தெரியவில்லை. 'தம்பி, நீங்க படிச்சவங்க. இதுனால பேரு பரவுதா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க. இல்லேன்னா அடுத்த வருசம் நிறுத்திடலாம்' என்றார் குழுவின் மூத்தவர் ஒருவர். அவருக்கு நான் அந்த ஏறுகோட்டைக் காட்டியிருந்தால், ஆதாரமற்ற ஒன்றை நம்பி இன்னுமோர் ஆண்டு பணம் போட்டிருப்பார். கோடு தட்டையாக இருந்து அதைக் காட்டியிருந்தால், ஒருவேளை பயன் தந்துகொண்டிருந்த ஒன்றை நிறுத்தியிருப்பார்.

முதலில், விற்பனை ஏன் தாமதமாகப் பேசுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கேரள வீடுகளில் வெல்லம் மிகுதியாக வாங்கப்படுவது ஓணத்தை ஒட்டி. பாயசத்துக்கும் சர்க்கரை வரட்டிக்கும் வாங்கியவர் அடுத்துப் பெரிய அளவில் வாங்குவது மற்றொரு விழாவுக்குத்தான். இன்று ஒருவர் பொட்டலத்தின் பெயரைக் கேள்விப்பட்டால், அது பணமாக மாறுவதற்கு ஓராண்டும் ஆகலாம். இரண்டாவது காரணம் கசப்பானது. மறையூர்ப் பெயரில் விற்கப்படும் வெல்லம் எல்லாம் மறையூரில் காய்ச்சியதன்று. தமிழகத்து வெல்லம் அப்பெயரில் விற்கப்படுவது பற்றி அஞ்சுநாட்டு விவசாயிகள் நெடுங்காலமாகக் குறைகூறி வருகிறார்கள். பெயர் பரவினால் அதன் பயனில் ஒரு பங்கு போலிக்குப் போகிறது. விளம்பரம் வேலை செய்திருக்கலாம். விற்பனை வேறொருவர் கணக்கேட்டில் ஏறியிருக்கலாம். எனவேதான் விற்பனைக்கு முந்திய அறிகுறிகளை நாடுகிறோம்: தேடல் உயர்வு, இணையதளத்துக்கு நேரடி வருகை, கள ஆய்வு.

தேடல் உயர்விலிருந்து தொடங்குகிறேன். அந்த ஏறுகோட்டின் முதற்குறை, 'மறையூர்' ஒரு பொருளின் பெயரன்று, ஓர் ஊரின் பெயர் என்பது. சந்தனக்காடு காண வருவோரும், முனியறைகளைப் பார்க்க வருவோரும், உடுமலையிலிருந்து சின்னாறு வழியாக மூணாறு செல்வோரும் அதே சொல்லைத்தான் தேடுகிறார்கள். அடுத்துள்ள காந்தளூர் 2023இல் ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் சிறந்த சுற்றுலாக் கிராமப் போட்டியில் தங்கப் பரிசு பெற்றது. அதன்பின் இப்பகுதி ஊர்ப்பெயர்களுக்கான தேடல் பெருகியிருந்தால் அதில் வெல்லத்துக்கு என்ன பங்கு?

இரண்டாம் குறை காலத்தைப் பற்றியது. ஒரு நிகழ்வின் விளைவை அளக்க, அதற்கு முன்னும் பின்னும் ஓரளவு இயல்பான காலம் வேண்டும். மறையூர் வெல்லத்துக்கு அந்த நல்வாய்ப்பு கிட்டவில்லை. குறியீட்டுக்கு முந்திய 2018, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி பூக்கும் ஆண்டு. மூணாற்றுப் பக்கமே எல்லோர் நினைவும் இருந்தது. அதே ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்து சாலைகள் துண்டிக்கப்பட்டன. குறியீட்டுக்குப் பிந்திய 2019 ஆகஸ்டில் மீண்டும் வெள்ளம். சரியாக ஓராண்டு கழித்து 2020 மார்ச்சில் ஊரடங்கு. அவ்வாண்டு ஆகஸ்டில் பெட்டிமுடி மண்சரிவு. எழுபது தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினரின் உயிரைக் கொண்டுபோன அத்துயரத்தின் நாள்களில் மூணாறு என்று தேடியவர் எவரும் சுற்றுலாவையோ வெல்லத்தையோ நினைத்துத் தேடியிருக்கமாட்டார். முன்னும் இயல்பில்லை, பின்னும் இயல்பில்லை. இந்த இடைவெளியில் ஒரு கோட்டை இழுத்து 'குறியீட்டின் விளைவு' என்று பெயர் சூட்டுவது ஆய்வாகாது.

இதில் ஓணத்தின் நகர்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2018இல் திருவோணம் ஆகஸ்ட் 25. 2019இல் செப்டம்பர் 11. ஆகஸ்டை ஆகஸ்டோடு ஒப்பிட்டால் 2019இல் தேடல் குறைந்ததாகத் தோன்றும். செப்டம்பரைச் செப்டம்பரோடு ஒப்பிட்டால் பெருகியதாகத் தோன்றும். இரண்டும் பஞ்சாங்கத்தின் வேலை. திருவோண நாளைச் சுழியமாக வைத்து, அதற்கு முந்திய ஆறாம் வாரம், ஐந்தாம் வாரம் என்று எண்ணி ஒப்பிடுவதே சரி. இதைச் செய்த கட்டுரைகள் என் கண்ணில் அரிதாகவே பட்டிருக்கின்றன.

மூன்றாம் குறை கருவியினுடையது. டிரெண்ட்ஸ் தருவது தேடல்களின் எண்ணிக்கையன்று. தேர்ந்தெடுத்த காலத்தில், தேர்ந்தெடுத்த நிலப்பரப்பில் நடந்த மொத்தத் தேடல்களில் அச்சொல்லின் பங்கைக் கணக்கிட்டு, உச்சத்தை 100 என்று வைத்து மற்றவற்றை அதற்கேற்பச் சுருக்கிக் காட்டுகிறது. அதுவும் ஒரு மாதிரியிலிருந்து எடுத்த கணக்கு. மூணாறு போன்ற பெரும்பெயருக்கு இதனால் தொல்லையில்லை. 'மறையூர் வெல்லம்' போன்ற அருஞ்சொல்லுக்கு ஒரு வாரம் 100, அடுத்த வாரம் 0, மறுவாரம் 60 என்று கோடு துள்ளும். அந்தத் துள்ளலை நம்பலாமா என்று அறிய எளிய சோதனை உண்டு. அதே சொல்லை, அதே காலத்துக்கு, வெவ்வேறு நாள்களில் நான்கைந்து முறை தரவிறக்கி அடுக்கிப் பாருங்கள். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் நம்பலாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் போனால் அங்கே அளக்கத்தக்க அளவுக்குத் தேடலே இல்லை என்று பொருள்.

நம் எல்லைப்பகுதிக்கே உரிய மற்றொரு சிக்கல் மொழி. மலையாளத்தில் 'சர்க்கர' என்பது வெல்லம். தமிழில் சர்க்கரை என்றால் வெள்ளைச் சீனி. வடகேரளத்திலும் பாலக்காட்டின் சில பகுதிகளிலும் மலையாளிகளே 'வெல்லம்' என்றும் சொல்வார்கள். ஊர்ப்பெயருக்கு ஆங்கில எழுத்தில் குறைந்தது நான்கு வடிவங்கள் வழங்குகின்றன. ஒரே பொருளைத் தேடுவோர் மூன்று எழுத்துமுறைகளில் சிதறிக் கிடக்கையில், ஒரு வடிவத்தை மட்டும் எண்ணினால் உண்மையில் ஒரு துண்டைத்தான் எண்ணுகிறோம். சொந்த இணையதளம் உள்ள குழுவுக்கு இங்கே டிரெண்ட்ஸைவிடச் சர்ச் கன்சோல் மேலானது, எண்ணிக்கையாகவே தருகிறது. தேடுசொல் வடிகட்டியில் இத்தகைய கோவையை இடலாம்:

```
mara(y|iy)(oo|u)r.*(jag|sark|shark|vell)|மறையூர்.*(வெல்ல|சர்க்கரை)|മറയൂർ.*(ശർക്കര|വെല്ലം)
```

இதில் அகப்படும் தோற்ற எண்ணிக்கையை, ஊர்ப்பெயர் வரும் எல்லாத் தேடல்களின் தோற்ற எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். சுற்றுலாவால் ஊர்ப்பெயர் வீங்கினால் இரண்டும் சேர்ந்து ஏறும், விகிதம் மாறாது அல்லது குறையும். வெல்லத்தின் பெயர் தனித்துப் பரவினால்தான் விகிதம் ஏறும். இதற்கும் வரம்புண்டு. நம் தளம் தேடல் முடிவுகளில் தோன்றிய இடங்களை மட்டுமே சர்ச் கன்சோல் எண்ணும். ஆகவே நம் தளத்தின் இடம் மூன்றாம் பக்கத்திலிருந்து முதற்பக்கத்துக்கு வந்தாலே, தேடுவோர் கூடாமலே எண் கூடிவிடும். பக்கத்துப் பத்தியில் உள்ள சராசரி இடம் மாறாதிருக்கிறதா என்று பார்த்த பிறகே விகிதத்தைப் படிக்க வேண்டும். மேலும் அது பதினாறு மாதத் தரவைத்தான் வைத்திருக்கும். ஆய்வேடு எழுதும் ஆண்டில் போய்த் தேடினால் தொடக்க ஆண்டு இருக்காது. இதை நான் பட்டே தெரிந்துகொண்டேன்.

கருத்தளவிலும் ஒன்று சொல்ல வேண்டும். 2020இல் லெஸ் பினே, ஒரு துறையின் பிராண்டுகளுக்கான மொத்தத் தேடலில் ஒரு பிராண்டின் பங்கு, அதன் சந்தைப் பங்கை முன்கூட்டியே காட்டும் என்று எடுத்துரைத்தார். நம் துறைகளில் இன்று அது வேதவாக்குப் போல மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் அவர் எடுத்த துறைகள் கார், எரிசக்தி, கைப்பேசி. வாங்குமுன் அமர்ந்து தேடிப் பார்க்கும் பொருள்கள் அவை. உருண்டை வெல்லம் வாங்கக் கடைக்குப் போகிறவர் எவர் வீட்டில் உட்கார்ந்து கூகுளில் தேடுகிறார்? தேடுகிறவர் பெரும்பாலும் தொலைவில் இருப்பவர்: கொச்சியிலோ சென்னையிலோ வளைகுடாவிலோ இருந்துகொண்டு அஞ்சலில் வரவழைக்க எண்ணுபவர். வெல்லத்தில் தேடல் உயர்வு அந்தச் சிறு கூட்டத்தின் நாடித்துடிப்பு. சித்தூர்ச் சந்தையின் நாடி அதில் தெரியாது.

நேரடி வருகைக்கு வருகிறேன். கூகுள் அனலிட்டிக்ஸில் `(direct) / (none)` என்ற வரி ஏறினால், 'பெயரை நினைவில் வைத்து முகவரியைத் தட்டி வருகிறார்கள்' என்று மகிழ்கிறோம். அவ்வரியின் உண்மைப் பொருள் 'எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லை' என்பது மட்டுமே. வாட்ஸப்பில் வந்த இணைப்பைத் தட்டியவரும், குறுஞ்செய்தியிலிருந்து வந்தவரும், பொட்டலத்தின் கியூஆர் குறியைப் படம்பிடித்து வந்தவரும் பெரும்பாலும் அதே குப்பைக்கூடையில்தான் விழுகிறார்கள். நான் செல்லும் குழுவில் ஓணத்துக்கு முந்திய ஒரு வாரம் இவ்வரி திடீரென்று உயர்ந்தது. கேட்டபோது, உறுப்பினரின் மகள் ஒருத்தி தன் கல்லூரி நண்பர் குழுக்களில் விலைப்பட்டியல் இணைப்பைப் பகிர்ந்திருந்தாள். நல்ல செயல், ஆனால் அது பெயர் நினைவு அன்று.

பிரித்தறிய ஒரு வழி, வந்தவர் எந்தப் பக்கத்தில் இறங்கினார் என்பது. முகப்புப் பக்கத்தில் இறங்கியவர் பெயரைத் தட்டி வந்திருக்க வாய்ப்புண்டு. நீண்ட முகவரி கொண்ட விலைப்பட்டியல் பக்கத்தில் முதன்முறையாக இறங்கியவர் அதைத் தட்டச்சு செய்து வந்திருக்க முடியாது. யாரோ அனுப்பிய இணைப்பு அது. எனவே முகப்பில் இறங்கிய புதியவர்களை மட்டும் தனியே எண்ண வேண்டும். கியூஆர் முகவரியின் வாலில் `?utm_source=pack&utm_medium=qr` என்று ஒட்டிவிட்டால் பொட்டலத்தின் வழி வருவோர் தனி வரியில் வந்துவிடுவார்கள். இப்படிச் செய்த மாதத்தில் நேரடி வருகை குறையும். குறைந்தது என்று அஞ்ச வேண்டியதில்லை; கூடையிலிருந்து ஒரு பகுதியை வெளியே எடுத்திருக்கிறோம், அவ்வளவே.

ஊர்வாரியாகப் பார்ப்பதிலும் எச்சரிக்கை தேவை. பாலக்காட்டில் விளம்பரம் செய்து, திருச்சூரில் செய்யாமல் விட்டு, இரண்டையும் ஒப்பிடுவது சிறந்த முறை. ஆனால் கைப்பேசி வலைப்பின்னலில் வருபவரின் ஊரை அனலிட்டிக்ஸ் துல்லியமாக அறிவதில்லை. கொழிஞ்சாம்பாறையில் அமர்ந்திருப்பவர் கோயம்புத்தூர்க்காரராகவோ கொச்சிக்காரராகவோ பதிவாகலாம். எல்லைப்புறத்தில் இம்முறைக்கு நான் அதிகம் மதிப்பளிக்கமாட்டேன்.

எஞ்சியிருப்பது கள ஆய்வு. மூன்றிலும் மனிதரை நேரில் கேட்பது இது ஒன்றுதான். ஆகவே என் நம்பிக்கையும் இதன்மேல்தான். அதே காரணத்தால் மிக எளிதாகக் கெடுவதும் இதுவே. 'மறையூர் சர்க்கரையைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?' என்று தொடங்கினால் ஆய்வு அங்கேயே முடிந்தது. பெயரை நாமே சொல்லிவிட்டோம். போதாக்குறைக்கு, தமிழர் சீனியை நினைத்துக்கொண்டு பதில் சொல்கிறார். நான் இப்போது செய்வது, மேசைமீது ஓர் உருண்டை வெல்லத்தை வைத்து, 'இது எங்கெங்கே நல்லதாகக் கிடைக்கும், எந்தப் பெயர்கள் உங்களுக்கு நினைவுக்கு வருகின்றன?' என்று கேட்பது. சொல்லும் வரிசையிலேயே எழுதிக்கொள்வேன். இது துணையின்றி நினைவுகூர்தல். அதன் பிறகே பெயர்ப்பட்டியலைக் காட்டி, எவற்றை அறிவீர்கள் என்று கேட்பது.

அப்பட்டியலில் நாமே புனைந்த, எங்கும் இல்லாத பெயர் ஒன்றையும் சேர்க்க வேண்டும். மரியாதைக்காகவும் தெரியாதவர் போலத் தோன்றக் கூச்சப்பட்டும் 'ஆம்' என்பவர் எத்தனை பேர் என்று அது காட்டிக்கொடுக்கும். கணக்கு விளங்குவதற்காக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன்: நூற்றுக்கு 46 பேர் நம் பெயரை அறிவேன் என்கிறார்கள், இல்லாத பெயரை 18 பேர் அறிவேன் என்கிறார்கள். அறியாமலே ஆம் என்போரின் அளவு 18 என்று கொண்டால், உண்மையில் அறிந்தவர் (46−18)/(100−18), அதாவது ஏறத்தாழ 34 விழுக்காடு. பன்னிரண்டு புள்ளிகள் வெறும் மரியாதை.

அடுத்தது மாதிரியின் அளவு. நம் ஆய்வேடுகளில் முன்னர் 200 பேர், பின்னர் 200 பேர் என்பது ஒரு சடங்காகிவிட்டது. துணையின்றி நினைவுகூர்ந்தோர் 12 விழுக்காட்டிலிருந்து 17க்கு உயர்ந்தனர் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து புள்ளி உயர்வு என்று எழுதத் தோன்றும். ஆனால் அந்த வேறுபாட்டின் நியமப்பிழை ஏறத்தாழ 3.5 புள்ளி, 95 விழுக்காடு நம்பக எல்லை, இரண்டு புள்ளி இறக்கத்திலிருந்து பன்னிரண்டு புள்ளி ஏற்றம் வரை விரிகிறது. ஒன்றும் நடக்கவில்லை என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. இந்த ஐந்து புள்ளியை உறுதியாகப் பிடிக்க, வழக்கமான 80 விழுக்காட்டு ஆற்றலோடு, ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ 775 பேர் வேண்டும். அத்தனை பேரைச் சந்திக்க வழியில்லையேல் சிறு மாற்றங்களை அளப்பதாகச் சொல்லிக்கொள்ளாமல் இருப்பதே நேர்மை. அல்லது கேள்வியை மாற்ற வேண்டும்: எல்லா நுகர்வோரையும் விட்டு, ஓணத்துக்கு வெல்லம் வாங்கும் வீடுகளை மட்டும் எடுத்து, இரு சுற்றிலும் அதே வீடுகளைக் கேட்டால் குறைந்த எண்ணிக்கையிலேயே மாற்றம் தெரியும். முதற்சுற்றில் கேட்டதாலேயே பெயர் நினைவில் தங்கிவிடும் என்ற குறை அதில் உண்டு. விளம்பரம் செல்லாத ஊரிலும் அவ்வாறே இரு சுற்றுக் கேட்டு, அங்கே தோன்றும் உயர்வைக் கழித்துவிட வேண்டும்.

போலியைப் பற்றி முன்னே சொன்னது இங்கேதான் திரும்ப வருகிறது. மறையூரை அறிவேன் என்றவரிடம், 'கடையில் இருப்பது மறையூருடையதுதான் என்று எப்படி அறிவீர்கள்?' என்று தொடர்ந்து கேளுங்கள். கையால் பிடித்த உருண்டை, கருமை கலந்த பழுப்பு, உவர்ப்பின்மை என்றெல்லாம் சொல்வார்கள். கடைக்காரர் சொன்னார் என்பவரும் இருப்பார். குறியீட்டு முத்திரையையோ குழுவின் பொட்டலத்தையோ சொல்பவர் எத்தனை பேர்? ஊர்ப்பெயரை அறிந்தோர் எண்ணுக்கும் முத்திரையை அறிந்தோர் எண்ணுக்கும் இடையே உள்ள தொலைவே, பரவிய பெயரின் பயன் போலிக்கு ஒழுகும் அளவு. இதைத் தேடல் உயர்வு காட்டாது, நேரடி வருகை காட்டாது. விற்பனை ஏன் ஊமையாக இருக்கிறது என்பதற்கான விடை பெரும்பாலும் இந்தத் தொலைவில் இருக்கும் என்பது என் கருத்து.

மூன்று அளவைகளையும் கூட்டிச் சராசரி எடுத்து 'விழிப்புணர்வுக் குறியெண்' ஒன்று படைக்கும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. அவை வெவ்வேறு கூட்டத்தை, வெவ்வேறு பிழையோடு அளக்கின்றன. தேடல் விகிதம் ஏறி, கள ஆய்வில் மாற்றம் இல்லையென்றால், தொலைவிலிருப்போரிடம் பெயர் போயிருக்கிறது, உள்ளூரில் போகவில்லை. அஞ்சல் விற்பனையைக் கவனிக்கலாம். கள ஆய்வில் ஊர்ப்பெயர் ஏறி, முத்திரை ஏறவில்லையென்றால், விளம்பரத்தின் வாசகம் பிழை. ஊரைப் புகழ்வதை விட்டுப் பொட்டலத்தின் படத்தைக் காட்ட வேண்டும். சராசரி எடுத்தால் இந்த இரண்டு செய்திகளும் ஒன்றையொன்று அழித்துவிடும்.

குழுவின் மூத்தவரிடம் சென்ற வாரம் இதையே என்னால் இயன்ற எளிய சொற்களில் சொன்னேன். பேர் பரவுகிறதா என்பதற்கு இன்று என்னிடம் பதில் இல்லை என்றும் சொன்னேன். அடுத்த திருவோணத்துக்கு ஆறு வாரம் முன்னர் ஒரு சுற்று, அது கழிந்து நான்கு வாரத்தில் மறு சுற்று. பாலக்காட்டுப் பக்கம் சித்தூரில் விளம்பரம், திருச்சூர்ப் பக்கம் ஓர் ஊரில் விளம்பரம் இல்லை. தேடல் விகிதத்தை இன்றிலிருந்தே மாதந்தோறும் தரவிறக்கி வைக்கிறோம். நிறுத்துவதற்கான அளவையும் முன்னரே எழுதி வைத்துவிட்டோம்: முத்திரையை அறிந்தோர் விழுக்காட்டில், விளம்பரம் இல்லாத ஊரைக் கழித்தபின் பத்துப் புள்ளியாவது ஏறாவிட்டால் பொட்டல விளம்பரத்தை நிறுத்துவது. கேட்டுவிட்டு அவர், 'அப்ப அந்த இல்லாத ஊருப் பேரு ஒண்ணு வெக்கணும்னீங்களே, அத நான் சொல்றேன்' என்றார். நல்லதொரு பெயரும் சொன்னார். ஆய்வு முடியும்வரை அதை இங்கே எழுதுவதற்கில்லை.

மூன்றாம் இயலின் பழைய வரைவை நெறியாளரிடமிருந்து திரும்பக் கேட்டிருக்கிறேன்.